ஒரு லட்சம் என்ற எண்ணும் ஒரு கம்பி வளையமும்

வீட்டில் யாருக்காவது நீர்க்கடுப்பு என்றால் டாக்டர் 'யூரின் கல்ச்சர்' எழுதித் தருகிறார். இரண்டு நாள் கழித்து வரும் அறிக்கையில் 'ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல்' என்றோ, 'குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை' என்றோ இருக்கும். இந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது? பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் தட்டுகளில் காலனி எண்ணியவன் என்ற முறையில் அந்தக் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

ஆரோக்கியமானவர்களின் சிறுநீர்ப்பையில் வழக்கமான கல்ச்சரில் வளரும் கிருமிகள் அநேகமாக இருப்பதில்லை. ஆனால் நீர் வெளியே வரும்போது தோலில் உள்ள கிருமிகள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். கல்ச்சரில் ஏதோ வளர்ந்தது என்றால் அது நோயா, வழியில் ஒட்டியதா? இதைத் தவிர்க்கக் கத்தீட்டர் குழாய் செலுத்தி நீர் எடுப்பதுண்டு. அந்தக் குழாயே கிருமியை உள்ளே கொண்டுபோகும் என்பதுதான் சங்கடம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனையில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் 1950-களில் இதற்கு வழி கண்டார். கிருமி இருக்கிறதா என்று கேட்காமல், எத்தனை இருக்கிறது என்று கேட்டார். சிறுநீரகத் தொற்று உள்ளவர்களின் எண்ணிக்கை பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 1,00,000-க்கு மேல் இருந்தது. வெறுமனே ஒட்டி வந்தவை பெரும்பாலும் அதற்கு வெகுவாகக் கீழே நின்றன. 1956-இல் அவர் வெளியிட்ட இந்த எல்லை உலகெங்கும் பரவியது. அறிகுறி இல்லாத பெண்களிடம் ஒரே ஒரு மாதிரியில் லட்சம் வந்தால் உண்மையான தொற்றாக இருக்க வாய்ப்பு சுமார் 80 சதவீதம்தான், மறுபடியும் எடுத்து அதுவே வந்தால் 95 சதவீதம் என்றும் அவரே கணக்கிட்டார்.

ஆனால் எண்ணுவது எப்படி? நீரைப் படிப்படியாக நீர்க்கச் செய்து பல தட்டுகளில் ஊற்றுவது பெரிய வேலை. 1960-இல் பால் ஹோப்ரிச் அளவு குறித்த லூப்பைப் பயன்படுத்தும் முறையை எழுதினார். கம்பி நுனியில் சின்ன வளையம். அதில் தங்கும் நீர் 0.001 மில்லிலிட்டர். அதை அகார் தட்டில் இழுத்துவிட்டு, 35 முதல் 37 டிகிரி சூட்டில் ஓர் இரவு வைத்து, மறுநாள் காலனிகளை எண்ணி 1,000-ஆல் பெருக்கினால் போதும். 120 காலனி என்றால் 1,20,000.

பார்க்கச் சுலபம்தான், கையில்தான் விஷயமே இருக்கிறது. நன்றாகக் கலக்கிய நீரில் லூப்பை நேராகப் பிடித்து, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மட்டும் தொட வேண்டும். ஆழமாக முக்கினால் கம்பியிலும் நீர் ஏறி எண்ணிக்கை கூடும். அடிக்கடி நெருப்பில் காட்டிய உலோக வளையம் கோணினாலும் அளவு மாறும். அதனால் சாயக் கரைசலை வைத்து அவ்வப்போது லூப்பைச் சோதிப்போம்.

நேரமும் முக்கியம். மாதிரியில் மில்லிலிட்டருக்கு 1,000 கிருமிதான் இருந்தது என்று வையுங்கள். வெயில் காலத்தில் அரைமணிக்கு ஒருமுறை இரட்டித்தால் மூன்றரை மணியில் ஏழு இரட்டிப்பு, அதாவது 1,28,000! ஒன்றுமில்லாதவர் காகிதத்தில் நோயாளி ஆகிவிடுவார். இரண்டு மணிக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மூன்று நான்கு வகைக் காலனிகள் கலந்து வளர்ந்தால் பெரும்பாலும் அது ஒட்டி வந்ததுதான்; மாதிரியை மறுபடி எடுக்கச் சொல்வோம்.

1982-இல் சியாட்டிலில் வால்டர் ஸ்டாம் குழுவினர் கதையைத் திருப்பினார்கள். எரிச்சலோடு வந்த இளம்பெண்களின் சிறுநீர்ப்பையிலிருந்தே நேரடியாக நீர் எடுத்து ஒப்பிட்டார்கள். ஈ. கோலை போன்ற குடல் கிருமித் தொற்று உண்மையாகவே இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரைத்தான் 'லட்சம்' காட்டிக்கொடுத்தது! இத்தகையவர்களுக்கு 100 என்ற எல்லையே பொருந்தும் என்றார்கள்.

இங்கேதான் லூப் மறுபடி வருகிறது. 0.001 லூப்பில் ஒரு காலனி என்றால் 1,000. எனவே 100 கிருமி உள்ள நீரில் அந்தத் தட்டு பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அதற்குப் பத்து மடங்கு பெரிய 0.01 லூப் வேண்டும். அதில் ஒரு காலனி என்றால் 100. எந்த லூப் என்று தெரியாமல் 'வளர்ச்சி இல்லை' என்பதன் பொருள் முழுசாகத் தெரியாது.

ஆகவே எரிச்சலும் காய்ச்சலும் உள்ள மகளுக்கு 'குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை' என்று வந்தால், சும்மா விடாமல் டாக்டரிடம் அறிகுறிகளைச் சொல்லுங்கள். அறிகுறியே இல்லாத பாட்டிக்கு லட்சம் வந்தால், அதற்காக மட்டும் மருந்து பெரும்பாலும் தேவையில்லை. கர்ப்பிணிக்கு மட்டும் கதை வேறு: அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை தருவார்கள், விட்டால் சிறுநீரகத் தொற்றாக முற்றலாம். மூவர் கையிலும் ஒரே எண் இருக்கலாம், பொருள் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.