பொட்டலப் பொருளின் உற்பத்தியாளரை அறிதல்

பொட்டலப் பொருளின் உற்பத்தியாளரை அறிதல் என்பது, கடையில் விற்கப்படும் ஒரு பொருளை உண்மையில் தயாரித்த நிறுவனத்தையும், அதைத் தன் வணிகப் பெயரில் விற்க மட்டும் செய்யும் நிறுவனத்தையும் விவரச்சீட்டின் துணைகொண்டு பிரித்தறிவது ஆகும். பொட்டலத்தின் முகப்பில் பெரிதாக அச்சிடப்படும் பெயர் பெரும்பாலும் வணிகப் பெயரே. தயாரித்தவரின் பெயர் பின்புறத்தில் சிறிய எழுத்துகளில் காணப்படும்.

சீட்டில் உள்ள சொற்கள்

இந்தியாவில் 2011 ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும் பொட்டலத்தில் இருத்தல் வேண்டும். பொட்டலமிட்டவர் வேறொருவராயின் அவரது பெயரும் முகவரியும் தேவை. சீட்டில் "மேனுஃபாக்சர்டு பை" என்று தொடங்கும் வரி தயாரித்தவரைக் குறிக்கும். "மார்க்கெட்டட் பை" என்பது விற்பவரையும், "பேக்டு பை" என்பது பொட்டலமிட்டவரையும் குறிக்கும். "மேனுஃபாக்சர்டு ஃபார்" என்பது மேலோட்டமாகப் பார்ப்போரை எளிதில் ஏமாற்றக்கூடியது. அதன் பொருள் "இவருக்காகத் தயாரிக்கப்பட்டது" என்பதே. அதையடுத்து வரும் பெயர் தயாரித்தவருடையது அன்று. நுகர்வோர் குறைகேட்பு முகவரியும் தொழிற்சாலையின் முகவரியாக இருக்க வேண்டியதில்லை.

உணவுப் பொருளின் உரிம எண்

உணவுப் பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் 1 எனில் உரிமம். 2 எனில் சிறு வணிகர்களுக்கான பதிவு. அடுத்த இரு இலக்கங்கள் மாநிலத்தையும், அதற்கடுத்த இரண்டும் எண் வழங்கப்பட்ட ஆண்டையும் காட்டும். தமிழ்நாட்டின் குறியீடு 24, கர்நாடகத்தினுடையது 12. நடுவண் உரிமமாயின் மாநிலக் குறியீட்டின் இடத்தில் 00 இருக்கும். அதைக் கொண்டு மாநிலத்தை அறிய இயலாது.

எடுத்துக்காட்டாக, குன்றத்தூர்க் கடை ஒன்றில் வாங்கிய முறுக்குப் பொட்டலத்தில் இரு எண்கள் இருப்பதாகக் கொள்வோம். சென்னை முகவரியின் அருகே 12421 என்று தொடங்கும் எண்ணும், மற்றொரு முகவரியின் அருகே 11219 என்று தொடங்கும் எண்ணும் உள்ளன. முதலாவது 2021 இல் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட உரிமம். இரண்டாவது 2019 இல் கர்நாடகத்தில் வழங்கப்பட்டது. இரண்டாம் முகவரி "மேனுஃபாக்சர்டு பை" என்ற வரியில் இருப்பின், முறுக்கு கர்நாடகத்தில் தயாராகிச் சென்னை நிறுவனத்தின் பெயரில் விற்கப்படுகிறது. foscos.fssai.gov.in தளத்தில் எண்ணை இட்டு உரிமம் பெற்றவரின் பெயரைச் சரிபார்க்கலாம்.

ஒரே பொருள் பல ஆலைகளில் தயாரானால் எல்லா முகவரிகளும் அச்சிடப்பட்டிருக்கக்கூடும். அப்போது தொகுதி எண்ணில் உள்ள எழுத்து எந்த ஆலைக்குரியது என்ற குறிப்பைச் சீட்டிலேயே தேட வேண்டும்.

பட்டைக்குறியீடு

890 என்று தொடங்கும் பட்டைக்குறியீடு இந்தியத் தயாரிப்பைக் காட்டுவதாகக் கருதுவது தவறு. அது அந்த எண்ணைப் பெற்ற நிறுவனம் இந்தியாவில் பதிவு செய்துகொண்டது என்பதை மட்டுமே காட்டும். பெரும்பாலும் அந்நிறுவனம் வணிகப் பெயரின் உரிமையாளரே.

திருப்போரூர் கண் சொட்டு மருந்து, 2023

இவ்வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகவும் ஆகலாம் என்பதற்குச் சென்னையின் தெற்கே, திருப்போரூரை அடுத்த ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் இயங்கிய குளோபல் பார்மா ஹெல்த்கேர் நிறுவனம் தொடர்பான நிகழ்வு சான்றாகும். அது தயாரித்த செயற்கைக் கண்ணீர் மருந்து அமெரிக்காவில் எஸ்ரிகேர், டெல்சாம் என்னும் இரு வேறு வணிகப் பெயர்களில் விற்கப்பட்டது. அமெரிக்க விதிகளின்படி, விநியோகிப்பவர் அவர் என்பது தெளிவாகக் குறிக்கப்பட்டால், தயாரித்தவரின் பெயருக்கு மாற்றாக விநியோகிப்பவரின் பெயரை மட்டும் அச்சிடலாம்.

மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாசு நுண்ணுயிர்த் தொற்று பரவியபோது, நோயாளிகள் பத்துக்கும் மேற்பட்ட வணிகப் பெயர்களைக் கூறினர். மிகுதியாகக் கூறப்பட்டது எஸ்ரிகேர். அந்நிறுவனமோ, தான் வெளிச்சீட்டை வடிவமைத்து விற்றதேயன்றி மருந்தைத் தயாரிக்கவில்லை என அறிவித்தது. 2023 பெப்ரவரியில் உற்பத்தியாளர் இரு பெயர்களிலும் இருந்த மருந்தைத் திரும்பப் பெற்றார். எஸ்ரிகேரை மட்டும் தவிர்த்து டெல்சாமுக்கு மாறியவர் அதே ஆலையின் மருந்தையே பயன்படுத்தியிருப்பார்.

போதிய பதப்பொருள் இன்மை, நுண்ணுயிர்ச் சோதனைக் குறைபாடு ஆகியவற்றை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் சுட்டிக்காட்டியது. தாம் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை எனத் தமிழக அதிகாரிகள் தெரிவித்தனர். 2023 மே மாதக் கணக்கின்படி 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டனர், நால்வர் இறந்தனர், 14 பேர் பார்வை இழந்தனர்.

இந்தியாவில் விற்கப்படும் மருந்துகளில் தயாரித்த இடத்தின் முகவரியும் உற்பத்தி உரிம எண்ணும் கட்டாயம். 2021 மார்ச் 1 முதல் சந்தைப்படுத்துபவரும் உற்பத்தியாளருடன் சேர்ந்து மருந்தின் தரத்துக்குப் பொறுப்பாவார். எனவே மருந்து குறித்து முறையிடுவோர் இரு பெயர்களையும், தொகுதி எண்ணையும், உரிம எண்ணையும் குறிப்பிடுதல் வேண்டும்.