ஜேபெக் மறுசேமிப்பும் ஒட்டுத் தடமும்

பழைய ஸ்டுடியோ படத்தை ஸ்கேன் செய்து, பின்திரையில் இருந்த கறையைத் திருத்தி எடுக்கிறார் ஒருவர். திரையில் ஒட்டுப்போட்ட இடமே தெரிவதில்லை. அந்தப் படம் நாலைந்து கைபேசிகள் மாறிய பிறகு, கறை இருந்த இடத்தில் சதுரமாக ஒரு தேமல் எழும்புகிறது. ஒட்டின் மெல்லிய வேறுபாட்டை ஜேபெக் பெரிதாக்கிவிட்டது.

ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் சராசரி ஒளியையும் நுண்விவரத்தையும் குறிப்பிட்ட படிகளுக்கு முழுமையாக்குகிறது. பரவலாகப் பயன்படும் லிப்ஜேபெக் நிரலில் தரம் 50 என்றால், சராசரி ஒளியின் படி சாம்பல் அளவில் 2 வருகிறது. சுற்றுப்பகுதி 128, ஒட்டு 129 என்று வைத்துக்கொள்வோம். சேமித்ததும் முன்னது 128 ஆகவே நிற்கும். பின்னது 130 ஆகிவிடும். கண்ணுக்குத் தப்பிய வேறுபாடு இரட்டிப்பாவதோடு, மழுப்பிய ஓரமும் கட்டங்களின் எல்லைக்கு நகர்ந்து நேர்கோடாகிறது. தரம் 90-இல் அந்தப் படி அரை அளவுக்கும் குறைவு என்பதால் இது நேராது.

ஆனால் பெரும்பாலும் ஒட்டைக் காட்டிக்கொடுப்பது கிரெயின்தான். ஃபிலிமின் பொடிப்புள்ளிகள் உள்ள பகுதியில் கட்டத்துக்குக் கட்டம் சராசரி சற்று மாறுவதால் முழுமையாக்கலின் தாவல்கள் சிதறிப் போகின்றன. தூரிகையால் வழவழப்பாகப் பூசிய ஒட்டில் அந்தச் சிதறல் இல்லை. கட்டங்கள் ஒன்றுசேர்ந்து தாவுகின்றன. ஆகவே நிறத்தைச் சரிசெய்தபின், சுற்றுப்பகுதியின் அளவுக்கே ஒட்டிலும் நாய்ஸ் சேர்க்க வேண்டும். இந்த வேலையைத் தவிர்த்தால் எந்தச் சேமிப்பு முறையும் முழுமையாகக் காப்பாற்றாது.

திருத்தும் வேலை முடியும்வரை கோப்பு XCF, PSD அல்லது 16 பிட் TIFF வடிவில் இருக்கட்டும். அதிலிருந்து ஜேபெக் ஒருமுறை மட்டும், தரம் 90 அல்லது அதற்கு மேல் எடுக்கப்பட வேண்டும். பின்னர் சிறு திருத்தம் தேவைப்பட்டாலும் மூலக் கோப்பில்தான் செய்ய வேண்டும். அதே தரத்தில், எதையும் மாற்றாமல் மீண்டும் சேமிப்பதால் பெரிய சேதமில்லை. ஆனால் ஓரத்தை வெட்டுவதும் அளவைக் குறைப்பதும் கட்டங்களை இடம்பெயர்த்து, முழுமையாக்கலைப் புதிதாகத் தொடங்கிவைக்கின்றன.

அந்தச் சேதத்தை முன்கூட்டியே வரவழைத்துப் பார்க்கலாம். இமேஜ்மேஜிக்கில்:

```
magick master.tif -quality 90 a.jpg
magick a.jpg -chop 3x3 -quality 70 b.jpg
magick b.jpg -resize 1600x -quality 60 c.jpg
```

`c.jpg`-ஐ 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, லெவல்ஸில் கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பார்த்தால், குறையுள்ள ஒட்டு தட்டையான சதுரமாகத் தனித்துத் தெரியும். மறுபடி ஒட்டின் ஒளியையும் கிரெயினையும் சரிசெய்து சோதிக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அல்லாமல் ஆவணமாக இணைத்தால் கோப்பு மாறாமல் போய்ச்சேரும்.