சுயபுராணமா, சான்றா? தன்னினவரைவியலில் ‘நான்’ என்னும் தரவு

1. பெயர்

தன்னினவரைவியல் என்ற சொல்லை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ‘தன் இனம்’ என்று முதலில் சேர்த்துக்கொண்டால், தான் சேர்ந்த கூட்டத்தைப் பற்றி எழுதுவது என்று பொருள் வரும். ‘தன்’னைத் தனியே நிறுத்தினால், தன்னையே களமாக வைத்து ஆராய்வது என்றாகும். தமிழ்ச் சொல்லாக்கத்தில் தற்செயலாக அமைந்த இந்த இரட்டைப் பொருள் துறையின் வரலாற்றோடும் பொருந்திப்போகிறது. 1979இல் டேவிட் ஹயானோ இந்தப் பெயரில் எழுதிய கட்டுரை முதல் பொருளைச் சார்ந்தது. அவர் கலிபோர்னியாவின் கார்டெனா நகரச் சீட்டாட்டக் கூடங்களில் தாமே போக்கர் ஆடியவர். தம்மோடு மேசையில் உட்கார்ந்தவர்களைப் பற்றித்தான் 1982இல் நூல் எழுதினார். 1995இல் கரோலின் எல்லிஸ் வெளியிட்ட நூல் இரண்டாம் பொருளுக்கு நகர்ந்துவிட்டது. நுரையீரல் நோயால் மெல்ல மெல்ல இறந்த தம் துணைவரையும், அவரைப் பராமரித்த தம்மையும் அவர் அதில் ஆய்வுப் பொருளாக்கினார்.

சர்ச்சை எல்லாம் இந்த இரண்டாம் பொருளைப் பற்றியது. இக்கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

2. குற்றச்சாட்டு

‘சுயபுராணம்’ என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதை மேலைக் கல்வியுலகம் நீளமாகச் சொல்லியிருக்கிறது. அதில் கூர்மையானது பிரிட்டிஷ் சமூகவியலாளர் சாரா டெலமாண்ட் 2007இல் முன்வைத்த வாதம். ஆய்வாளரின் வேலை வெளியே போய்ப் பிறரை அறிந்து வருவது; வீட்டில் உட்கார்ந்து தன்னைப் பற்றி எழுதுவது உடலாலும் அறிவாலும் சோம்பல்; பல்கலைக்கழக ஆசிரியர்களின் வாழ்க்கை ஆய்விதழில் இடம்பிடிக்கும் அளவுக்குச் சுவையானதும் அல்ல என்கிறார் அவர். பழகிப்போன ஒன்றை அந்நியக் கண்ணால் பார்க்க முடியாது என்பதும், கதையில் வரும் உறவினரின் அடையாளத்தை மறைக்க வழியில்லை என்பதும் அவர் எழுப்பும் வேறு இரண்டு கேள்விகள்.

இதற்கு வழக்கமாக வரும் பதில், உணர்ச்சியும் அறிவுதான், வாசகரின் மனம் நெகிழ்ந்தாலே போதும் என்பது. எனக்கு இது போதவில்லை. வாசகரை நெகிழ வைக்க நல்ல நாவல் இருக்கிறது. 2006இல் லியன் ஆண்டர்சன் வேறு வழி காட்டினார்: ஆய்வாளர் அந்தக் கூட்டத்தின் முழு உறுப்பினராக இருக்கட்டும், எழுத்தில் தெரியட்டும், ஆனால் தன்னைத் தாண்டிப் பிறரிடமும் பேச வேண்டும், கோட்பாட்டுக்கு ஏதாவது சேர்க்க வேண்டும் என்றார். எல்லிஸும் ஆர்தர் பாச்னரும் இதை ஏற்கவில்லை. கதையைக் கோட்பாட்டுக்கு அடிமையாக்கும் முயற்சி என்று மறுத்தார்கள். நான் பெரும்பாலும் ஆண்டர்சன் பக்கம். ஆனாலும் அவருடைய நிபந்தனைகளைவிட எளிய கேள்வி ஒன்று போதும் என்று நினைக்கிறேன்: எழுதியவரின் அனுபவம், அவர் முன்பு நம்பிய எதையாவது தவறென்று காட்டியதா? காட்டியிருந்தால் அது தரவு. அவர் ஏற்கெனவே நினைத்ததற்கு அலங்காரமாக மட்டும் நின்றால், டெலமாண்ட் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

3. ஒரு வாக்கியம் புரிய 14 ஆண்டுகள்

இந்தக் கேள்விக்கு நான் அறிந்த சிறந்த விடை, தன்னினவரைவியல் என்ற பெயரையே பயன்படுத்தாத ஒரு கட்டுரை. மானிடவியலாளர் ரெனாட்டோ ரொசால்டோ 1984இல் வெளியிட்ட அது, துக்கத்தையும் தலைகொய்பவனின் சினத்தையும் பற்றியது.

ரொசால்டோவும் அவர் மனைவி மிஷெல்லும் 1967 முதல் 1969 வரையும், மீண்டும் 1974லும், பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் இலோங்கோட் மக்களோடு வாழ்ந்து ஆய்வு செய்தார்கள். இலோங்கோட்டுகளிடம் தலைகொய்யும் வழக்கம் இருந்தது. எதற்காக என்று வயதான ஆண்களிடம் கேட்டால் விடை ஒரே வரியில் வந்தது: நெருங்கியவர் இறந்த துக்கத்தில் பிறக்கும் சினம், அதைத் தூக்கி எறிய ஓர் இடம் வேண்டும். ரொசால்டோவுக்கு இது விளக்கமாகவே படவில்லை. இவ்வளவு பெரிய செயலுக்கு இவ்வளவு சிறிய காரணமா? மானிடவியல் கற்றுக்கொடுத்த ‘பரிமாற்றம்’ என்ற கருத்தை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். ஒரு சாவுக்கு இன்னொரு சாவு ஈடாகிறது, கணக்கு நேராகிறது. இதை ஒரு முதியவரிடம் சொல்லியும் பார்த்தார். யாராவது அப்படி நினைக்கலாம், நாங்கள் அப்படி நினைப்பதில்லை என்று பதில் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரொசால்டோவிடம் தரவுக்குப் பஞ்சமே இல்லை. மொழி தெரியும், 1883 முதல் 1974 வரையிலான தலைகொய்தலின் வரலாற்றை 1980இல் தனி நூலாகவே வெளியிட்டிருந்தார். அவர்கள் சொன்ன வாக்கியம் அவர் குறிப்பேட்டில் அப்படியே இருந்தது. அதன் கனம்தான் தெரியவில்லை.

1981 அக்டோபரில், அதே லூசானின் இஃபுகாவோ பகுதியில் புதிய களப்பணியைத் தொடங்கிய நேரத்தில், மிஷெல் மலைப்பாதையில் கால் தவறி விழுந்து இறந்தார். உடலைக் கண்டபோது ரொசால்டோவுக்கு முதலில் வந்தது கோபம். என்னை எப்படி விட்டுப் போகலாம், எப்படி இவ்வளவு முட்டாள்தனமாக விழலாம் என்ற கோபம். அழப் பார்த்தார், கோபம் கண்ணீரை அடைத்துக்கொண்டது. சில வாரங்கள் கழித்து நாட்குறிப்பில் இவற்றை எழுதும்போது இலோங்கோட் முதியவர்களின் ஒற்றை வரி திரும்பி வந்தது. 14 ஆண்டுகளாகத் தாம் அதைக் கேட்டும் கேட்காமல் இருந்தது அவருக்குப் புரிந்தது.

மனைவியை இழந்த ஒருவர் மனமுடைந்து எழுதியதை எப்படி ஆய்வு என்று ஏற்பது? ரொசால்டோ இந்த ஐயத்தை எதிர்பார்த்தே எழுதுகிறார். அவர் செய்யும் காரியங்களைப் பார்ப்போம். முதலில், தம் துக்கத்தை இலோங்கோட்டின் துக்கத்தோடு சமன்படுத்த மறுக்கிறார். மிஷெலின் சாவு பணி சார்ந்தது என்று ஏற்க மறுத்த காப்பீட்டு முகவர் மேல் தமக்கு ஆத்திரம் வந்தது; ஆனால் அவரைக் கொன்று தலையைக் கொய்து கொண்டாடும் நிலைக்கு அது போகவில்லை என்று ஓர் எடுத்துக்காட்டை வைக்கிறார். அந்த ஒரு வரியில் அனுபவத்தின் எல்லை தெரிந்துவிடுகிறது. துக்கத்தில் சினம் உண்டு என்பதுவரை அவருடைய அனுபவம் சாட்சி. அந்தச் சினத்தை எந்த வடிவத்தில் வெளியேற்றுவது என்பது பண்பாடு முடிவு செய்வது, அதற்கு இலோங்கோட்டுகள்தான் சாட்சி.

அடுத்து, விரலைத் துறையின் பக்கம் திருப்புகிறார். சாவைப் பற்றிய மானிடவியல் எழுத்து சடங்கை விரிவாக எழுதும், இழந்தவரின் கொந்தளிப்பை விட்டுவிடும். பெரிய இழப்பு எதையும் காணாத இளம் ஆய்வாளர்கள் களத்துக்குப் போவதும் இதற்கு ஒரு காரணம் என்கிறார். ஆக அவருடைய ‘நான்’ இங்கே அளக்கும் கருவி. கருவியில் எங்கே பிழை இருந்தது, எப்போது சரியானது, எதுவரை அளக்கும் என்று அவரே குறித்துக் கொடுக்கிறார். கட்டுரையிலிருந்து மிஷெலின் சாவை எடுத்துவிட்டால் பரிமாற்ற விளக்கம் ஏன் தோற்றது என்பதற்குக் காரணம் இல்லாமல் போகும். சுயபுராணத்தில் அப்படி எடுக்க முடியாத ஒரு கல் இருக்காது. எந்தப் பகுதியை உருவினாலும் சுவர் நிற்கும், ஏனென்றால் சுவரே கிடையாது.

4. ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புகள்

எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். இந்த வாதத்தை நான் நூலில் மட்டும் படித்து ஒப்புக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு 11 மாதம் டயாலிசிஸ் நடந்தது. திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். இரண்டு முறைக்கு நடுவில் ஏறும் எடை பெரும்பாலும் உடலில் தேங்கிய நீர்தான். அந்த எடையையும் ரத்த அழுத்தத்தையும் எழுத நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தேன். ஓரத்தில் அன்று நடந்ததையும் இரண்டொரு வரி கிறுக்கிவைப்பேன். ஆய்வு செய்யும் எண்ணமே அப்போது இல்லை.

அம்மா போய் நான்கு ஆண்டுகள் கழித்து, நோயாளியையே குற்றவாளியாக்கும் மருத்துவமனைப் பேச்சைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினேன். நினைவில் இருந்த காட்சி தெளிவாக இருந்தது: எடைமேடையில் அம்மா, “இவ்வளவு ஏறியிருக்கே, தண்ணி குடிச்சீங்களா?” என்று அதட்டும் டெக்னீஷியன், பக்கத்தில் அம்மாவுக்காகப் பரிந்து பேசும் நான். எழுதி முடித்துத் தேதியைச் சரிபார்க்க நோட்டைத் திறந்தேன்.

அதட்டல் இரண்டு இடத்தில்தான் இருந்தது. “அம்மா தண்ணி கேட்டா, தரல” என்று என் கையெழுத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் இருந்தது. தேதிகளைக் காலண்டரோடு வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஞாயிறு. காரணம் கண்டுபிடிக்கக் கடினமில்லை. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் இடைவெளி நீளம். திங்கட்கிழமை எடைதான் அதிகம் ஏறும். அந்த எண்ணுக்குப் பயந்து முந்தின நாளே நான் சொம்பை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஒரு பதிவில் பூட்டு என்ற சொல்லே இருக்கிறது. அது என் நினைவில் துளிக்கூட இல்லை.

கட்டுரையின் முடிவு தலைகீழானது. மருத்துவமனை அதிகம் அதட்ட வேண்டியிருக்கவில்லை. அதன் கால அட்டவணை வீட்டுக்குள் வந்து என் வழியாக வேலை செய்தது. இது என்னைப் பற்றிய செய்திதானா, பரவலாக நடப்பதா என்று அறிய, காத்திருப்புக் கூடத்தில் பழகிய மூன்று பேரைத் தேடிப்போய்ப் பேசினேன். இருவர் ஞாயிறு என்றதுமே சிரித்துவிட்டார்கள். மூன்றாமவர், மனைவியைக் கூட்டி வந்துகொண்டிருந்த பெரியவர், சொன்னார்: “நான் திருட்டுத்தனமா அவளுக்கு ஐஸ் கட்டி கொடுப்பேன் தம்பி. பொண்ணுக்குத் தெரியாம.” அவர் வீட்டில் காவல் காத்தது மகள். பராமரிப்பவர் எல்லாரும் காவலர் ஆகிறார்கள் என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, வீட்டில் யாரிடம் நோட்டு இருக்கிறதோ அவர் ஆகிறார் என்று மாற்றினேன். மூன்று பேரை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது.

நினைவை மட்டும் நம்பி எழுதியிருந்தால் அந்தக் கட்டுரை அசல் சுயபுராணம்தான். அதில் நான் நல்ல மகனாக நின்றிருப்பேன். தன்னினவரைவியலில் கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் இதுவே. அதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளமும் உண்டு: எழுதியவர் கதை முழுக்க நியாயவானாகவே வந்தால், அன்றன்று எழுதிய குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தன்னைத் தாழ்த்திக்கொண்டே போகும் கதைக்கும் இது பொருந்தும்; குற்றவுணர்ச்சியிலும் ஒரு சுகம் இருக்கிறது.

5. பெயர் மறைக்க முடியாதவர்கள்

டெலமாண்டின் கேள்விகளில் எனக்கு விடை கிடைக்காதது ஒன்று உண்டு. பெரியவரின் அடையாளத்தை நான் மாற்றிவிட்டேன். அவர் மகள் இதைப் படித்தாலும் தெரியாது. ஆனால் கட்டுரையின் மேல் என் பெயர் இருக்கும்போது ‘அம்மா’ என்ற சொல்லே முழு முகவரி. மார்ட்டின் டோலிச் 2010இல் இதற்குச் சில நெறிகள் எழுதினார். ஒப்புதலை எழுதுவதற்கு முன்பே வாங்கு, எழுதி முடித்துக் கையில் கொடுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. எழுதியது பச்சை குத்தியது போல, பின்னால் அழியாது என்பவை அவற்றில் அடக்கம். எல்லிஸும் இதில் அடிபட்டவர்தான். மீனவர் குடியிருப்புகளைப் பற்றி அவர் எழுதிய முதல் நூல் அங்குள்ளவர்கள் காதுக்கு எட்டியபோது, நம்பிப் பழகியவர்கள் கொதித்துப்போனார்கள்.

இறந்தவரிடம் முன்கூட்டியும் கேட்க முடியாது. அக்காவிடம் கைப்பிரதியைக் கொடுத்தேன். பூட்டியதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வாரத்தில் ஒரு ஞாயிறு அம்மா என்னைப் பார்த்துச் சொன்ன ஒரு வாக்கியம் நோட்டில் இருந்தது. அதை மட்டும் எடுக்கச் சொன்னாள். “அது உன்கிட்ட சொன்னது, ஊருக்கு இல்ல.” என் வாதத்துக்கு அதைவிடப் பலமான சான்று அந்த நோட்டில் வேறில்லை. எடுத்துவிட்டேன், இங்கும் தரவில்லை.