பயிர்ச்செய்கைக் கடன்: பிரசுரத்தில் உள்ளவையும் இடாப்பில் இருக்கவேண்டியவையும்

பெரும்போக விதைப்புக்கான ஆயத்தங்கள் தொடங்கும் காலத்தில் வங்கிக் கிளைகளிலும் கமநல சேவை நிலையங்களிலும் விவசாயிகளுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் வழங்கப்படுவது வழக்கம். புதிய விரிவான கிராமியக் கடன் திட்டம் என்பது அதன் தலைப்பாக இருக்கும். 1986ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள இத்திட்டத்தைப் பற்றி எமது விவசாயிகள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் பிரசுரத்தின் நான்கு பந்திகளையும் வாசித்துவிட்டு வங்கிக்குச் செல்பவர், தாம் எதிர்பார்த்த தொகையில் பாதியுடன் அல்லது வெறுங்கையுடன் திரும்புவதும் அடிக்கடி நிகழ்கின்றது. அதற்கான காரணம் பெரும்பாலும் வங்கியில் இல்லை; வேறோர் அலுவலகத்தின் இடாப்பில் இருக்கின்றது.

முதலில் இத்திட்டத்தின் தன்மையை விளங்கிக்கொள்வது நல்லது. இதில் விவசாயிக்குக் கிடைக்கும் பணம் அரசாங்கத்தின் பணமன்று. வங்கி தனது சொந்த நிதியிலிருந்தே கடன் வழங்குகின்றது. வங்கி வழமையாக அறவிடும் வட்டிக்கும் விவசாயி செலுத்தும் குறைந்த வட்டிக்கும் இடையிலான சுமையின் ஒரு பகுதியை அரசாங்கம் மானியமாக வங்கிக்குச் செலுத்துகின்றது. ஆகவே மானியம் வட்டியில்தான் உண்டு, முதலில் இல்லை. வட்டி வீதம் காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டு வந்துள்ளமையால், கையிலிருக்கும் பிரசுரம் எந்தப் போகத்துக்கு உரியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டின் தாளைக் காட்டி இவ்வாண்டு வாதாடுவதில் பயனில்லை.

தகுதி குறித்துப் பிரசுரம் கூறுவது சுருக்கமானது. விண்ணப்பதாரர் உண்மையில் பயிர் செய்பவராக இருத்தல் வேண்டும். திட்டத்தில் குறிப்பிடப்பட்ட பயிர்களுள் ஒன்றைச் செய்பவராக இருத்தல் வேண்டும். வங்கிக்குத் தவணை தவறிய கடன் எதுவும் அவரிடம் இருத்தலாகாது. இவற்றுள் மூன்றாவதை வங்கி, கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையைக் கொண்டு தானே சோதித்துக்கொள்ளும். எப்போதோ ஒருவருக்குப் பிணை நின்று மறந்துபோன கடனும் அங்கே பதிவாகியிருக்கலாம். முதலாவது தகுதிதான் சிக்கலானது. ஒருவர் பயிர் செய்கிறார் என்பதை ஊர் முழுவதும் அறிந்திருக்கலாம். வங்கி அறிய விரும்புவது, கமநல சேவை நிலையத்தின் விவசாயக் காணி இடாப்பில் எந்த வயல், எத்தனை ஏக்கர், எவர் பெயரில் பதியப்பட்டுள்ளது என்பதையே.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பேணப்படும் இந்த இடாப்பில் காணிச் சொந்தக்காரரின் பெயர் மட்டுமன்றி, அக்காணியைச் செய்கை பண்ணுபவரின் பெயரும் இடம்பெற முடியும். எனினும் வாய்மொழிக் குத்தகைக்கு வயல் செய்வோர் பலர் அங்கே பதியப்படுவதில்லை. பதிந்தால் குத்தகைக்காரர் பின்னர் உரிமை கோருவார் என்று சொந்தக்காரர் அஞ்சுகிறார்; வற்புறுத்தினால் அடுத்த போகத்துக்கு வயல் கிடைக்காது என்று குத்தகைக்காரர் அஞ்சுகிறார். அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் போடியார் குடும்பங்களின் வயல்களைச் செய்வோருக்கு இது புதிய செய்தியன்று. உரமானியமும் இதே இடாப்பின் வழியே வருவதால், சில வேளைகளில் மானியம் சொந்தக்காரரின் கணக்கிலும் செலவு குத்தகைக்காரரின் தலையிலும் விழுகின்றன.

இதன் விலை எவ்வளவு என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். ஒரு விவசாயி மூன்று ஏக்கரில் நீர்ப்பாசன நெல் செய்கிறார் என்று கொள்வோம். இரண்டு ஏக்கர் அவருடையது. மூன்றாவது ஏக்கர் எழுத்தில் இல்லாத குத்தகை. பிரசுரத்தில் ஏக்கருக்கான உச்சக் கடன் 50,000 ரூபா என்றும், வட்டி ஆண்டுக்கு 8 சதவீதம் என்றும் கணக்கின் பொருட்டு வைத்துக்கொள்வோம். அவர் எதிர்பார்ப்பது 150,000 ரூபா. இடாப்பில் இருப்பது இரண்டு ஏக்கர் என்பதால் வங்கி தருவதோ 100,000 ரூபா. மிகுதி 50,000 ரூபாவை அவர் உரக்கடை முதலாளியிடம் மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டியில் வாங்குகிறார்.

நவம்பர் முதலாந் திகதி பெற்ற பணத்தை, அறுவடை முடிந்து, 150 நாட்களின் பின்னர் மார்ச் இறுதியில் திருப்பிக் கொடுப்பதாயின், வங்கிக்கு அவர் செலுத்தும் வட்டி சுமார் 3,288 ரூபா. முதலாளிக்கு ஐந்து மாதங்களுக்குச் செலுத்துவது 12,500 ரூபா. பாதித் தொகைக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு வட்டி. அந்த மூன்றாவது ஏக்கரும் இடாப்பில் பதியப்பட்டிருந்தால் மேலதிகமாகச் செலவாகியிருப்பது 1,644 ரூபா மாத்திரமே. ஒரு பெயர்ப் பதிவின் பெறுமதி, ஒரு போகத்தில், ஓர் ஏக்கருக்கு, பத்தாயிரம் ரூபாவுக்கு மேல். எழுத்து மூலமான குத்தகை ஒப்பந்தம் ஒன்றை, ஒரு போகத்துக்கென்று காலம் குறித்தேனும், சொந்தக்காரரிடம் கேட்டுப் பெறுவதற்கு இதைவிடச் சிறந்த நியாயம் வேண்டியதில்லை.

இனி ஆவணங்கள். தேசிய அடையாள அட்டையின் பிரதி, கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்படுத்தல், கமக்காரர் அமைப்பின் சிபாரிசு, செய்கைப் பரப்பை உறுதிப்படுத்தும் கமநல சேவை நிலையத்தின் கடிதம், சேமிப்புக் கணக்குப் புத்தகம், பிணையாளர்களின் விபரங்கள் என்பன பொதுவாகக் கேட்கப்படுபவை. காணி ஆவணமும் கேட்கப்படும். இங்கே பலர் ஒரு தவறான எண்ணத்தால் பின்வாங்கிவிடுகின்றனர். சிறிய போகக் கடனுக்குக் காணி ஈடாகக் கேட்கப்படுவதில்லை. பயிர் செய்யும் உரிமைக்குச் சான்றாகவே பெரும்பாலும் கேட்கப்படுகின்றது. பிணையாளர்களே இக்கடனின் பாதுகாப்பு. ஆகவே உறுதிக்காணி இல்லாமல் அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியில் செய்கை பண்ணுபவரும் விண்ணப்பிக்கலாம்.

வடக்கிலும் கிழக்கிலும் இடப்பெயர்வின்போது ஆவணங்களை இழந்தோர் இன்னமும் உள்ளனர். உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திலும், அனுமதிப்பத்திரத்தின் விபரத்தைப் பிரதேச செயலகத்திலும் தேடிப் பெறலாம். கணவர் காணாமற்போனதால் அவருடைய பெயரில் உள்ள வயலைச் செய்துவரும் பெண்களின் நிலை இதனிலும் கடினமானது. மரணச் சான்றிதழ் பெறுவதை மனம் ஏற்காத குடும்பங்களுக்கென, 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் தனியான சான்றிதழ் ஒன்றை ஏற்படுத்தியது. இடாப்பில் செய்கையாளராகத் தமது பெயரைப் பதியக் கோரும்போது அதனை முன்வைக்கலாம். இவ்வேலைகள் ஒரு வாரத்தில் முடிபவை அல்ல. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் முடிந்த பின்னர் கடிதத்துக்காக அலைபவரின் கையில் பணம் வரும்போது, இரண்டாவது உரமிடும் காலமும் கடந்திருக்கும். அப்போது அது பயிர்க்கடனாக இராது, வீட்டுச் செலவாகக் கரைந்துபோகும்.

திருப்பிச் செலுத்தும் காலம் 270 நாட்கள் எனப்படுகின்றது. நெல்லோ நான்கு மாதங்களுக்குள் விளைந்துவிடும். எஞ்சிய காலம் ஏன்? அறுவடை நாட்களில் எல்லோருடைய நெல்லும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வர, விலை விழுகின்றது. கடன்காரர் வாசலில் நிற்கிறார் என்பதற்காக ஈர நெல்லை வயல் வரம்பிலேயே விற்காமலிருக்க அக்கால அவகாசம் உதவுகின்றது. மேற்கூறிய உதாரணத்தில் நவம்பர் முதலாந் திகதி பெற்ற கடனின் இறுதி நாள் ஜூலை 29 ஆகும். மார்ச் இறுதியிலிருந்து அதுவரை பொறுத்தால், 100,000 ரூபாவுக்குக் கூடும் வட்டி சுமார் 2,630 ரூபா. காய வைத்துக் களஞ்சியப்படுத்திய 1,500 கிலோ நெல்லின் விலை கிலோவுக்கு ஐந்து ரூபா உயர்ந்தாலே 7,500 ரூபா கூடுதலாக வரும். நெல்லைக் காய வைக்கவும் எலிக்குத் தப்பி வைத்திருக்கவும் இடமில்லாதவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதும் உண்மையே.

இதில் ஒரு முடிச்சும் உண்டு. சிறுபோகமும் செய்பவருக்கு ஏப்ரல், மே மாதங்களில் அடுத்த கடன் தேவைப்படும். பெரும்போகக் கடன் தீராமல் சிறுபோகக் கடனைப் பொதுவாக வங்கி தராது. ஆகவே இருபோகக்காரருக்கு 270 நாட்கள் என்பது தாளில் மாத்திரமே. அவருக்கு நடைமுறையில் கிடைப்பது 150 அல்லது 160 நாட்கள். கடனுக்குப் போதுமான நெல்லை அறுவடையோடு விற்று அதனை முடித்துவிட்டு, மீதியை மாத்திரம் விலைக்காக வைத்திருப்பதே அவருக்கு ஏற்ற வழியாகும்.

இறுதி நாள் தவறினால் மானிய வட்டியின் நிழல் நீங்கிவிடும். வங்கியின் வழமையான வட்டியும் தண்ட வட்டியும் ஏறத் தொடங்கும். வழமையான வட்டி 16 சதவீதம் என்று கொண்டால், நாளொன்றுக்கு 22 ரூபாவாக இருந்த சுமை 44 ரூபாவாகின்றது. அதனிலும் பாரதூரமானது, பிணை நின்ற அயலவரும் அடுத்த போகத்தில் கடன் பெற இயலாமற் போவதாகும். அரசாங்கம் எப்படியும் தள்ளுபடி செய்யும் என்று காத்திருப்போரும் உளர். 2022ஆம் ஆண்டு சிறு நெற் செய்கையாளரின் நிலுவைக் கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டது உண்மையே. ஆயினும் அத்தகைய அறிவிப்பு எப்போது வரும், எந்தத் திகதிக்கு முற்பட்ட கடனுக்கு வரும் என்று எவராலும் கூற முடியாது. அதை நம்பியிருக்கும் காலமெல்லாம் கடன் தகவல் பணியகத்தில் பெயர் கறுத்தே இருக்கும்.

வெள்ளத்தாலோ வரட்சியாலோ பயிர் அழிந்தால் செய்யவேண்டியது வேறு. கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபைக்கு, சேதம் கண்ணுக்குத் தெரியும்போதே, வயலை உழுது அழிப்பதற்கு முன்னர், கமநல சேவை நிலையத்தின் ஊடாக அறிவிக்க வேண்டும். வங்கிக்கும் இறுதி நாளுக்கு முன்னரே எழுத்தில் அறிவித்து, கடனை மறுசீரமைக்கக் கோர வேண்டும். இறுதி நாள் கடந்த பின்னர் கொடுக்கும் அதே கடிதம் வெறும் சாக்குப்போக்காகவே கொள்ளப்படும். பரப்பு எத்தனை ஏக்கர் என்ற வினா இங்கும் எழும். காப்புறுதி அதிகாரியும் திறந்து பார்ப்பது அதே இடாப்பைத்தான்.

வட்டியை மார்க்க அடிப்படையில் தவிர்க்கும் முஸ்லிம் விவசாயிகளுக்கு இத்திட்டம் உதவுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மானிய வட்டியும் வட்டியே என்பது அவர்களின் நிலைப்பாடு. உரமானியத்துக்கும் காப்புறுதி இழப்பீட்டுக்கும் இந்தத் தடை வட்டியின் வழியாக எழுவதில்லை. ஆகவே இடாப்பில் பெயர் இருப்பது அவர்களுக்கும் அவசியமே. பணத் தேவைக்காகச் சிலர் வியாபாரியிடம் முற்பணம் பெற்று விளைச்சலைக் கொடுப்பதாக ஒப்புக்கொள்கின்றனர். இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் ஸலம் எனப்படும் முற்பண விற்பனை ஆகுமானது. ஆயினும் முழு விலையும் முன்னரே கையில் கொடுக்கப்பட்டு, நெல்லின் இனம், தரம், நிறை, ஒப்படைக்கும் நாள் யாவும் அன்றே தீர்மானிக்கப்பட வேண்டும். "அறுவடையில் என்ன விலையோ அதில் மூடைக்கு இவ்வளவு குறைத்து எடுத்துக்கொள்வேன்" என்று வயல் வரம்பில் பேசப்படும் உடன்பாட்டில் இந்நிபந்தனைகளுள் முதலாவதே இல்லை. எழுத்தில்லாத அந்தப் பேச்சில் இழப்பவர் எப்போதும் நெல்லுக்குரியவரே.