வியாஜமும் நாமமும்: வடகலை – தென்கலைப் பிளவின் காலம்

ஸ்ரீவைஷ்ணவப் பிளவை விளக்கும் பழைய ஆய்வு மரபு குரங்குக்குட்டி, பூனைக்குட்டி உவமையிலிருந்தே தொடங்குகிறது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குட்டி வடகலையாம். தாய் கவ்விச் செல்லும் குட்டி தென்கலையாம். இதை நம்பியே பிளவின் வேரை வேதாந்த தேசிகரின் ரஹஸ்யத்ரயஸாரத்தில் காண்கிறார்கள். அந்த நூலுக்கு இந்த உவமை பொருந்தாது என்பதே என் வாசிப்பு.

தேசிகர் இறைவனைச் சித்தோபாயம் என்கிறார். அதாவது, எவரும் உண்டாக்க வேண்டாத, முன்பே இருக்கிற வழி. சரணாகதி செய்துமுடிக்க வேண்டிய சாத்தியோபாயம். ஆனால் அது பலனைத் தருவதில்லை. இறைவன் அருளுவதற்கு ஒரு வியாஜமாக, சாக்காக மட்டுமே நிற்கிறது. அதையும் வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். ரட்சிக்கும் பாரத்தை அவனிடம் ஒப்படைத்தவன் அதை மறுபடி சுமக்கலாகாது. குரங்குக்குட்டியோ மரத்துக்கு மரம் தாவும்போதெல்லாம் பிடியை விடாமல் இருந்தாக வேண்டும், விட்டால் விழும். நாள்தோறும் தளராது செய்யவேண்டிய பக்தியோகத்துக்கு வேண்டுமானால் அந்தக் குட்டி பொருந்தும். ஒப்படைத்துவிட்டுக் கவலையற்றிருப்பவனுக்குப் பொருந்தாது.

வேற்றுமை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஸ்ரீவசன பூஷணத்தில் பிள்ளை லோகாசாரியர் சரணாகதியை உபாயமாக எண்ணுவதையே குறையாகக் கருதுகிறார். தேசிகர் அந்தப் போக்கை ஏற்கவில்லை. ஆனால் கருத்து மாறுபாடு வேறு, சமூகம் இரண்டாகப் பிளப்பது வேறு. பதினான்காம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்தின் மீது படையெடுப்பு நேர்ந்தபோது லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வெளியேறினார் என்றும், தேசிகர் சுருதப்பிரகாசிகைச் சுவடியைக் காத்தார் என்றும் மரபு சொல்கிறது. குருபரம்பரைக் கதைகளை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாதுதான். ஆயினும் அவை இருவரையும் ஒரே கோயிலின் பிள்ளைகளாகவே நினைவில் வைத்திருக்கின்றன. வடமொழிக்கும் தமிழுக்கும் இடையிலான சண்டை இது என்ற வாதத்துக்கு நீண்ட மறுப்பு வேண்டாம்: இரு நூல்களும் மணிப்பிரவாளம், தேசிகர் தமிழ்ப் பிரபந்தங்களும் பாடியவர்.

பதினைந்தாம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் ஸ்ரீவசன பூஷணத்துக்கு வியாக்கியானம் எழுதியதும், ஸ்ரீரங்கத்தில் ஈடு காலட்சேபம் நடத்தியதும் ஒரு பக்கத்துக்குத் தனி ஆசாரிய வரிசையைத் தந்தன. அவருக்குரிய தனியன் ‘ஸ்ரீசைலேச’ என்று தொடங்குகிறது. தேசிகருக்குரியது ‘ராமாநுஜ’ என்று. கோஷ்டியில் எதை முதலில் சொல்வது என்ற கேள்வி எழும்போதுதான் கருத்து வேற்றுமை ஆளைப் பிரிக்கும் கோடாகிறது. ஏனெனில் இரண்டு கொள்கைகள் ஒரே மண்டபத்தில் அமரலாம். பிரபந்தத் தொடக்கத்தில் முதலிடம் ஒரு தனியனுக்கே. நெற்றியில் பாதம் வைத்த நாமமா, பாதமற்ற நாமமா என்பதும் அப்படியே. பின்னாளில் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் வழக்குகள் பிரிட்டிஷ் ஆட்சிக்கால நீதிமன்றங்களுக்குப் போனபோது, தீர்ப்புக் கேட்கப்பட்டது வியாஜத்தைப் பற்றியல்ல. பெருமாள் முன் யார் ஓதுவது, எந்தத் தனியனைச் சொல்வது என்பதைப் பற்றி.