கடுகண்ணாவைக் கணவாயில் பிரயாண நேரக் கணிப்பு

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி, மாவனல்லையைக் கடந்த பின்னர்த் தாழ்நிலத்தை விட்டு மலைமேல் ஏறி, கடுகண்ணாவையில் மேட்டுநிலத்தை அடைந்து, அங்கிருந்து பிலிமத்தலாவை, பேராதனை வழியாகக் கண்டி நகருட் புகுகின்றது. மாவனல்லைக்கும் பிலிமத்தலாவைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழப் பதினாறு கிலோமீட்டர் தூரத்தைப் பஸ்ஸிலோ காரிலோ கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை முன்கூட்டி அறிவதே இங்கு நேரக் கணிப்பு எனப்படுகின்றது. சமதளத்தில் தூரத்தைக் கொண்டு நேரத்தைச் சொல்லிவிடலாம். கணவாயிலோ ஏற்றத்தின் சரிவும், அச்சரிவிலே ஊர்ந்து செல்லும் பாரவண்டியுமே நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

வரலாறு

கண்டி இராச்சியத்தின் பாதுகாப்பு, அதன் அரண்களைக் காட்டிலும் அதன் வழிகளின் கடுமையிலேயே தங்கியிருந்தது. மேற்குத் திசையிலிருந்து ஏறும் பழைய பாதையைப் பலனைக் கோட்டை காத்து நின்றது. அப்பாதை கால்நடையாய்ச் செல்வோருக்கும் பொதி சுமப்போருக்கும் உரியதேயன்றி, சக்கரம் பூட்டிய வண்டிக்கு உரியதன்று. 1815 இல் இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னரும், 1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடங்கிய பின்னரும், படையையும் தளவாடத்தையும் விரைந்து மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லத்தக்க வீதி இல்லாமையை ஆட்சியாளர் நன்கு உணர்ந்தனர். 1820 இல் பதில் ஆளுநராகப் பொறுப்பேற்று, பின்னர் 1824 முதல் 1831 வரை ஆளுநராய் இருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ் என்னும் தீர்க்கதரிசி, கொழும்பு–கண்டி வீதியைத் தமது ஆட்சியின் பிரதான காரியமாகக் கொண்டு நிறைவேற்றினார். வீதியை வகுத்தமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் ஆவார். பதினாறு வயது இளைஞராக இவ்வேலையிற் சேர்ந்த தோமஸ் ஸ்கின்னர், பிற்காலத்தில் இலங்கையின் வீதிகளையெல்லாம் அமைத்த பெருமைக்குரியவரானார். இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையின்கீழ் மலைநாட்டுக் குடிமக்கள் இவ்வேலைக்கு வரவழைக்கப்பட்டனர். அவர்களுடைய உழைப்பினாலேயே பாறை பிளந்தது.

கணவாயின் ஓரிடத்தில் பாறையைக் குடைந்து வீதி செலுத்தப்பட்டது. மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி அடங்கும் என்றோர் ஐதிகம் மக்களிடையே வழங்கியதாகச் சொல்லப்படுகின்றது. அக்குடைவு இன்றும் வீதியோரத்தில் நிற்கின்றது. பெரிய வண்டிகள் அதனுட் புகாது, அருகே அகலமாக வெட்டப்பட்ட வீதியால் வளைந்து செல்கின்றன. டோசன் 1829 இல் காலமானார். அவர் ஞாபகார்த்தமாக 1832 இல் எழுப்பப்பட்ட கோபுரம் கணவாயின் உச்சியில், கடுகண்ணாவையில் உள்ளது. அதே 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைகள் இழுக்கும் தபால் வண்டிச் சேவை தொடங்கியது. பின்னர்க் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, மூட்டைகளைச் சுமந்த மாட்டுவண்டிகள் இவ்வீதியில் நிரை நிரையாய் இறங்கின. 1867 இல் புகைவண்டி கண்டியை அடைந்ததும் அப்பாரம் குறைந்தது. புகைவண்டிப் பாதை இம்மலையை 44 க்கு 1 என்னும் சரிவில் ஏறுகின்றது. வீதியின் சரிவு அதனினும் கடினமானது.

வளைவுகளின் தோற்றம்

வண்டியிழுக்கும் விலங்கின் பலத்துக்கு ஏற்றபடி சரிவை மென்மையாக்குவதற்கு ஒரே உபாயம் வழியை நீட்டுவதாகும். 250 மீட்டர் உயரத்தை 20 க்கு 1 என்னும் சரிவில் ஏற வேண்டுமாயின், 5 கிலோமீட்டர் நீளமுள்ள வழி வேண்டும். நேர்கோட்டில் அத்தனை இடமில்லாதபோது வழியை மலையின் மேனியிலே மடித்து மடித்துப் போட வேண்டியதாகின்றது. அம்மடிப்பே கொண்டை ஊசி வளைவு. ஆகவே வளைவு என்பது சரிவைக் குறைத்தமைக்கு நாம் தரும் விலையாகும். வளைவில்லாதிருப்பின் பாரவண்டி ஏறவே மாட்டாது.

வளைவினால் நேரும் தாமதம்

மலைவீதியில் நேரத்தைத் தின்பவை வளைவுகளே என்பது பிரயாணிகளின் பொதுவான எண்ணம், அது சரியன்று. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு பஸ், வளைவுக்கு முன் 20 ஆகக் குறைத்து, ஏறத்தாழ 60 மீட்டர் நீளமான திருப்பத்தை அவ்வேகத்திலேயே கடந்து, மீண்டும் 40 ஐ எட்டுவதாகக் கொள்வோம். வேகத்தைக் குறைப்பதில் ஒன்றரை விநாடியும், திருப்பத்தில் ஐந்தரை விநாடியும், ஏற்றத்தில் மெதுவாக வேகமெடுப்பதில் நாலரை விநாடியுமாக, மொத்த நஷ்டம் பதினொன்று பன்னிரண்டு விநாடிதான். பத்து வளைவுகள் இருந்தாலும் இரண்டு நிமிடத்துக்கே வரும். வளைவு செய்யும் உண்மையான தீங்கு வேறொன்று: அது முன்னே செல்லும் வீதியை மறைத்து, முந்திச் செல்லும் வாய்ப்பைப் பறித்துவிடுகின்றது. மேலும், நீண்ட வண்டியின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வாராமல் உட்புறமாக வெட்டி வருவதால், பஸ்ஸும் கொள்கலன் லொறியும் ஒரே திருப்பத்தில் சந்திக்கும்போது ஒன்று நின்று மற்றதற்கு வழிவிட வேண்டியிருக்கின்றது. ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி இடங்கொடுப்பது மலைவீதியின் மரபு. ஏனெனில் ஏற்றத்தில் நின்றுபோன பாரவண்டியை மீண்டும் நகர்த்துவது கடினமாகும்.

பாரவண்டியின் வேகம்

ஏற்றத்தில் லொறியின் வேகம் சாரதியின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. எஞ்சினின் வலுவையும் பாரத்தையும் பொறுத்தது. பாரத்துடன் 16 தொன் எடையுள்ள லொறியொன்றின் சக்கரங்களுக்கு 80 கிலோவாட் வலு வந்து சேருமாயின், 20 க்கு 1 என்னும் சரிவில், சக்கர உராய்வையும் கணக்கிற் சேர்த்தால், அது மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். தேய்ந்த எஞ்சினாய் வலு அதிற் பாதியாயின், வேகமும் பாதியாகி 15 க்கு வந்துவிடும். இவ்வாறான லொறியின் பின்னால், அடுத்த நேரான இடம் வரும்வரை, பஸ்ஸும் காரும் முச்சக்கர வண்டியும் ஒரே நிரையாகின்றன. அந்நிரையின் தலைவண்டி எந்த வேகமோ, கடைசி வண்டிக்கும் அதே வேகம்.

சராசரி காண்பதில் இங்கே ஒரு பிழை நேர்வதுண்டு. 5 கிலோமீட்டர் ஏற்றத்தை 15 இலும், அடுத்த 5 கிலோமீட்டர் மேட்டுநிலத்தை 45 இலும் கடந்தவர், தம் சராசரி வேகம் 30 என்று எண்ணிவிடுவார். ஏற்றத்துக்கு 20 நிமிடமும் சமதளத்துக்கு ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும் சென்றமையால், உண்மையான சராசரி 22 அரைதான். வேகங்களைக் கூட்டிப் பங்கிடாமல், பகுதி பகுதியாக நிமிடங்களையே கூட்ட வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் விதி.

கணிக்கும் முறையும் உதாரணமும்

வழியை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்க: மாவனல்லையிலிருந்து மலையடிவாரம் வரை 7 கிலோமீட்டர், ஏற்றம் 5 கிலோமீட்டர், கடுகண்ணாவை உச்சியிலிருந்து பிலிமத்தலாவைக் கடைத்தெரு வரை 4 கிலோமீட்டர். இவை கணக்கின் வசதிக்காக முழு எண்களாய் எடுத்தவை. வளைவுகளின் நஷ்டத்தையும் உள்ளடக்கி, பஸ் முதற் பகுதியை 35 இலும், தடையற்ற ஏற்றத்தை 30 இலும், கடைத்தெருக்கள் நிறைந்த மூன்றாம் பகுதியை 24 இலும் செல்வதாகக் கொண்டால், முறையே 12, 10, 10 நிமிடங்களாக 32 நிமிடம் வரும். ஆளேற்றவும் இறக்கவும் ஒன்பது இடங்களில் நின்று, வேகமிழந்து பெறுவதையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 40 விநாடி சென்றால், இன்னும் 6 நிமிடம், ஆக 38. ஏற்றத்தில் 2 கிலோமீட்டர் சென்றபின் 15 இல் ஊரும் லொறியொன்றின் பின்னே அகப்பட்டால், எஞ்சிய 3 கிலோமீட்டருக்கு 6 நிமிடத்துக்குப் பதிலாக 12 நிமிடமாகி, மொத்தம் 44 நிமிடத்தை எட்டும்.

அதே வழியிற் காரைக் கருதுவோம். முதற் பகுதியை 45 இல் கடந்து 9 நிமிடமும், தடையற்ற ஏற்றத்தில் 40 இல் சென்று 8 நிமிடமும், கடைத்தெருவில் பஸ்ஸைப் போலவே 10 நிமிடமுமாக 27 நிமிடத்தில் அது சென்றடையும். ஆனால் அதே லொறி அதே இடத்தில் அகப்பட்டால், ஏற்றத்துக்கு மட்டும் காருக்கு 15 நிமிடமும் பஸ்ஸுக்கு 16 நிமிடமும் ஆகின்றன. காருக்கு இருந்த வேகச் சிறப்பு மலையில் அநேகமாய் மறைந்துவிடுகின்றது. ஆகையால் பேராதனை வைத்தியசாலையில் குறித்த நேரத்துக்கு நிற்க வேண்டியவர், கார் வைத்திருந்தபோதிலும், லொறி அகப்பட்ட கணக்கையே மெய்யெனக் கொண்டு புறப்பட வேண்டும். லொறியின்றிச் செல்லும் கணக்கு அதிர்ஷ்டத்துக்கு உரியது.

வழியிலே கணிப்பைச் சரிபார்க்க எளிய வழி, இரண்டு கிலோமீட்டர்க் கற்களுக்கிடையே கடிகாரத்தைப் பார்ப்பதாகும். 2 நிமிடம் பிடித்தால் வேகம் 30. 4 நிமிடமாயின் 15, முன்னே பாரவண்டி உண்டென்பது நிச்சயம். எதிர்த்திசையிலும் அடையாளம் காணலாம்: முதலில் எண்ணெய் பவுசர் ஒன்று, அதை ஒட்டினாற்போல் பதினைந்து இருபது வண்டிகள், பின்னர் நெடுநேரம் வெறும் வீதி என்ற விதமாக வண்டிகள் கொத்துக் கொத்தாய் வருமாயின், இறங்கும் பக்கமும் மந்தமாகவே உள்ளது, அந்த வெறும் இடைவெளியிலேதான், வீதி நேராகவும் நடுக்கோடு விட்டுவிட்டு வரையப்பட்டும் இருந்தால், முந்திச் செல்ல இடமுண்டு.

இறக்கம்

கண்டியிலிருந்து கொழும்பு நோக்கி இறங்குவது விரைவாய் இருக்கும் என்பதும் பாரவண்டியைப் பொறுத்தவரை பொருந்தாது. பாரத்தின் வேகத்தைப் பிரேக்கினால் மட்டுமே அடக்கினால், அது சூடேறிப் பிடியை இழந்துவிடும். எரிந்த வாடை வீசுவது அதன் முன்னறிவிப்பு. ஆதலால் அநுபவமுள்ள சாரதி உச்சியிலேயே கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்திருக்கும்படி இறங்குவார்; ஏறிய கியரிலேயே இறங்குவது அவர்களிடையே வழங்கும் விதி. எனவே இறக்கத்துக்கும் ஏற்றத்தின் நிமிடங்களையே எழுதிக்கொள்வது விவேகம்.

கணிப்பின் எல்லை

மேற்கூறிய முறை வண்டிகள் நகர்ந்துகொண்டிருக்கும் வரையிலேயே செல்லும். மண் சரிந்து ஒரு பக்கம் அடைபட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு திசையாக வண்டிகள் விடப்படுமானால், வரும் நேரத்தைப் பொறுத்துக் காத்திருப்பு ஒன்றுமின்றியும் இருக்கலாம், ஐந்து நிமிடமாயும் இருக்கலாம். நிரை ஒரே முறையில் கடந்துபோக முடியாத அளவு நீண்டால், பத்து நிமிடம் பத்து நிமிடமாக ஏறும். பாடசாலை விடும் பிற்பகல் 1.30 மணிக்குப் பின்னரும், பெரஹரா நாட்களிலும் தாமதம் மலையை விட்டுப் பேராதனைக்கும் கண்டிக்கும் இடையே இடம் மாறிவிடுவதால், அப்பகுதிக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

இன்றைய நிலை

2025 நவம்பரில் கீழ்க் கடுகண்ணாவைப் பகுதியில் நேர்ந்த மண்சரிவு உயிர்ச்சேதம் விளைவித்து, வீதியையும் மூடச்செய்தது. இக்கணவாயைத் தொடாத மத்திய அதிவேக வீதியின் மீரிகம–குருநாகல் பகுதி 2022 இல் திறக்கப்பட்டுள்ளது.