வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு மேல்முறையீட்டுக் கடிதம்

கிளையில் கொடுத்த எழுத்துப் புகார் கவனிக்கப்படாதபோது, இந்திய ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு வாடிக்கையாளர் எழுதும் முறையீடு. 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின்படி, வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியளிக்காவிட்டாலோ இதை அனுப்பலாம். கட்டணம் இல்லை.

கடிதத்தின் உயிர் முதல் புகாருக்கான சான்றில் இருக்கிறது. கிளையில் வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது. முத்திரையிட்ட நகலோ புகார் எண்ணோ இல்லாத நியாயமான முறையீடுகளும் விசாரணைக்கு முன்பே தள்ளுபடியாகிவிடுவது வருத்தத்துக்குரியது.

ஓர் எடுத்துக்காட்டு: மார்ச் 3 அன்று ஏடிஎம்மில் பணம் வராமலே கணக்கில் ரூ.10,000 கழிந்தது. 2019ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதிப்படி ஐந்து நாளுக்குள், அதாவது மார்ச் 8க்குள், தொகை தானாகத் திரும்பவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. மார்ச் 10 அன்று கிளையில் கொடுத்த புகாருக்குப் பதிலில்லை. ஏப்ரல் 12 அன்று எழுதும் கடிதத்தில் இந்தத் தேதிகளை வரிசையாகச் சொல்லி, ரூ.10,000, 35 நாள் தாமதத்துக்கு ரூ.3,500, பணம் திரும்பும் நாள்வரை தொடரும் இழப்பீடு ஆகியவற்றைக் கேட்கவேண்டும். "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் முடித்தால் கோரிக்கை என்னவென்றே தெரியாது.

cms.rbi.org.in தளத்திலோ அஞ்சலிலோ அனுப்பலாம். அதே விவகாரம் நீதிமன்றத்தில் இருந்தால் ஏற்கப்படாது.